57 ஜிபி சிஸ்டம் டேட்டா: என் ஐபோனில் நடந்ததும் நான் செய்ததும்

அக்கா பேத்திக்குக் காதுகுத்து. எல்லா வீடியோவையும் நான்தான் எடுத்தேன், 4கே-வில், நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து. பிறகு நல்ல துண்டுகளாகப் பொறுக்கி 12 நிமிட வீடியோவாகக் கோத்து வீட்டு குரூப்பில் போடலாம் என்று உட்கார்ந்தேன். போனிலேயே ஒரு வீடியோ எடிட்டிங் செயலி வைத்திருக்கிறேன். எடிட் பண்ணும் வரை எந்தச் சிக்கலும் இல்லை. எக்ஸ்போர்ட் கொடுத்தால் தொண்ணூறு சதவீதம் வரை போய் நின்றுவிடும், இடம் போதவில்லை என்று வரும். மறுபடி கொடுப்பேன், மறுபடி நிற்கும். இரண்டு வாரத்தில் இப்படி எட்டு ஒன்பது தடவை முயன்றிருப்பேன்.

அப்புறம்தான் Settings > General > iPhone Storage பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 128 ஜிபி ஐபோன் 13. செயலிகள் 31 ஜிபி, படங்கள் 24, மெசேஜ் 2, iOS 12, System Data மட்டும் 57. மொத்தம் 126 போய்விட்டது, மிச்சம் 2 ஜிபி. போனின் கிட்டத்தட்ட பாதி, நான் தொடவே முடியாத ஒரு சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது. அதைத் தொட்டால் விளக்கமாக ஒன்றிரண்டு வரிதான் வருகிறது, அழிக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திறந்தவுடன் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. போன் கணக்குப் போட்டு முடிக்க ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும், அதுவரை எங்கே சேர்ப்பது என்று தெரியாத எல்லாமே System Data-வில் நிற்கும். பட்டை அசையாமல் நின்ற பிறகு, செயலிகளின் பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் போய் அங்கே தனியாக இருக்கும் System Data வரியைப் பாருங்கள். நான் பார்த்த 57 அப்படிப் பொறுத்திருந்து பார்த்த எண்.

இந்த வகைக்கு 2021-இல் iOS 15 வரும் வரை Other என்றுதான் பெயர். பெயர் மாறினாலும் குணம் அதேதான். சிரி குரல்கள், எழுத்துருக்கள், அகராதிகள், தேடலுக்கான இன்டெக்ஸ், லாக் கோப்புகள், கேஷ் என்று எந்தச் செயலியின் பெயரிலும் எழுத முடியாதவை எல்லாம் இங்கே வரும். ஆன்லைனில் பாட்டு கேட்டாலோ வீடியோ பார்த்தாலோ தற்காலிகமாகச் சேர்வதும் இதில் சேரும். அதனால் இது ஒரே அளவில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இடம் நெருக்கினால் போன் தானாகக் கேஷைக் குறைத்துக்கொள்ளும். 5 முதல் 15 ஜிபி வரை இருந்தால் நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். கவலைப்பட வேண்டியது, போன் நிரம்பி வழியும்போதும் அது இறங்காமல் நிற்கும்போதுதான். என்னுடையது அப்படித்தான் நின்றது.

முதலில் செய்தது தவறான காரியம். எல்லோரும் செய்வதைப்போலப் படங்களில் கை வைத்தேன். பழைய வீடியோக்களில் 7 ஜிபி-யை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அழித்தேன். (அழித்தால் Recently Deleted-இல் ஒரு மாதம் போல உட்கார்ந்திருக்கும், அங்கேயும் போய் அழித்தால்தான் இடம் கிடைக்கும்.) இப்போது 9 ஜிபி காலி. சந்தோஷமாக மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தேன். அதே தொண்ணூறு சதவீதத்தில் நின்றது. போய்ப் பார்த்தால் System Data 62-க்குப் போயிருந்தது.

அந்த 5 ஜிபி ஏற்றம்தான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. கேமரா அமைப்புகளில் Record Video என்ற இடத்தில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இடம் ஆகும் என்று எழுதியே இருக்கிறது. ஹை எஃபிஷியன்ஸி முறையில் 4கே 60 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. என் வீடியோ 12 நிமிடம், அதாவது 4.8 ஜிபி. ஒரு முயற்சி தோற்றால் ஏறுவது கிட்டத்தட்ட ஒரு முழு வீடியோவின் அளவு! முன்பு தோற்ற ஒன்பது முயற்சிகளையும் அதோடு பெருக்கினால் 43 வருகிறது. 57-இலிருந்து 43-ஐக் கழித்தால் 14, ஒரு சாதாரண போனில் இருக்கக்கூடிய System Data அளவு. கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதும் எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் அதுவரை போனில் ஏதோ பழுது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அரைகுறையாக எழுதப்பட்ட வீடியோக்கள் எங்கோ அனாதையாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

உங்கள் போனில் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கும் வழி இதுதான்: ஒரு நாளைக்கு இரண்டு முறை, காலையிலும் இரவிலும், அந்த எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள், இடையில் என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நாளில் ஏதாவது ஒரு வடிவம் தெரியும். நாள் முழுக்கச் சீராக ஏறினால் லாக் கோப்புகளைச் சந்தேகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பிறகு குபீரென்று ஏறினால், என்னுடையதைப்போல, அந்த வேலையைச் சந்தேகிக்கலாம். மாலையில் ஏறி மறுநாள் காலையில் தானாக இறங்கினால் அது வெறும் கேஷ், விட்டுவிடுங்கள்.

லாக் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. Settings > Privacy & Security > Analytics & Improvements > Analytics Data என்று போனால் ஒரு நீண்ட பட்டியல் வரும். அங்கே ஒரே பெயர் நூற்றுக்கணக்கில், சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப இருந்தால் அந்தப் பெயருள்ள செயலி திரும்பத் திரும்பச் செயலிழந்து எழுகிறது என்று அர்த்தம். sysdiagnose என்று தொடங்கும் கோப்புகள் இருந்தால் அவையும் பெரியவை, ஒவ்வொன்றும் சில நூறு எம்பி இருக்கும். இரண்டு ஒலிப் பொத்தான்களையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து ஒரு நொடி அழுத்தினாலே அது உருவாகும், இறுக்கமான பாக்கெட்டில் போன் இருந்தால் தெரியாமலே நடக்கலாம். கணினியோடு இணைத்து ஒரு சிங்க் கொடுத்தால் செயலிழந்ததற்கான அறிக்கைகள் கணினிக்கு இடம் மாறும். என் போனில் எடிட்டிங் செயலியின் பெயர் நாலைந்து இடத்தில் மட்டும் இருந்தது. சிங்க் கொடுத்தும் பார்த்தேன், 62 என்பது 61 ஆனது. ஆக லாக் காரணம் இல்லை.

அடுத்து ரீஸ்டார்ட். அணைத்துப் போட்டு, சார்ஜில் வைத்து, ஒரு இரவு விட்டேன். ஒரு ஜிபி கூட இறங்கவில்லை. எடிட்டிங் செயலியை முழுதாக அழித்து மறுபடி நிறுவினேன். (Offload App கொடுத்தால் செயலி மட்டும் போகும், அதன் தரவு அப்படியே இருக்கும், இந்தச் சிக்கலுக்கு அது உதவாது. Delete App-தான் கொடுக்க வேண்டும்.) செயலிகளின் கணக்கில் கொஞ்சம் குறைந்தது, System Data அசையவில்லை. செயலியின் பையில் இருந்தது மட்டும்தான் செயலியோடு போகும். என் துண்டுகள் அதை விட்டு வெளியேறி, Photos-க்குள்ளும் சேராமல், நடுவழியில் நின்றவை என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த இடத்தில் ஒரு கடைக்கும் போனேன். பார்த்தவர், “மெமரி அவ்ளோதாண்ணா, 256-க்கு மாறிடுங்க” என்றார். க்ளவுடில் கூடுதல் இடம் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. க்ளவுட் இடம் வேறு, போனுக்குள் இருக்கும் இடம் வேறு. 200 ஜிபி வாங்கினாலும் இந்த 61 ஜிபி அசையாது.

அலுவலகத்தில் ஒரு தம்பி சொன்ன வழி தேதியை மாற்றுவது. தேதியை ஒரு வருடம் எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்தால், கேஷ் கோப்புகள் காலாவதியானதாகக் கருதி போன் அவற்றை அழித்துவிடும், பிறகு தேதியைச் சரி செய்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. அவனுக்கு 20 ஜிபி குறைந்ததாகச் சொன்னான், நம்புகிறேன். ஆனால் நான் செய்யவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். தேதி தள்ளிப் போனால் காலாவதி ஆவது கேஷ் மட்டும் இல்லை. Recently Deleted-இல் இருக்கும் படங்களுக்கும் கெடு முடிந்ததாக ஆகும். Messages-இல் Keep Messages என்பதை 30 நாள் என்றோ ஒரு வருடம் என்றோ வைத்திருந்தால் பழைய செய்திகளுக்கும் அதே கதிதான், தேதியைத் திருப்பி வைத்தால் அவை திரும்பி வராது. வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலிகளும் தேதி தவறு என்று மறுக்கும். போனை வேண்டுமென்றே முழுக்க நிரப்பி நெருக்கடி கொடுக்கும் வழியையும் சிலர் சொல்வார்கள். ஒரு பைட் கூட இடமில்லாத போன் ரீஸ்டார்ட் ஆகும்போது லோகோவிலேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது, பேக்கப் எடுக்காமல் அதைத் தொடவே கூடாது.

எனக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. கணினியில் பேக்கப் எடுத்து, போனை முழுதாக அழித்து, அதே பேக்கப்பைத் திருப்பி ஏற்றுவது. இதைச் சொன்னாலே எல்லோரும் பயப்படுகிறார்கள், நானும் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். அந்தப் பயம் போனது ஒரு சின்னச் சோதனையால்தான். அழிப்பதற்கு முன்பே இது பலிக்குமா பலிக்காதா என்று தெரிந்துகொள்ள முடியும். பேக்கப்பின் அளவைப் பாருங்கள், அதுவே பதில் சொல்லும்.

காரணம் இது. பேக்கப்பில் கேஷும் தற்காலிகக் கோப்புகளும் சேராது. iOS-உம் சேராது. செயலிகளும் சேராது, அவற்றின் தரவு மட்டும்தான் சேரும், செயலிகள் பிறகு ஆப் ஸ்டோரிலிருந்து புதிதாக இறங்கும். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். படங்கள் 17, (நான் க்ளவுடில் படங்கள் வைப்பதில்லை, வைப்பவர்களுக்கு அவை பேக்கப்பில் வராது) செயலிகளின் தரவு, பட்டியலில் ஒவ்வொன்றாகத் தொட்டு Documents & Data-வைக் கூட்டினால் 19, மெசேஜ் 2. ஆக 38 ஜிபி வர வேண்டும். பேக்கப் 38-ஐ ஒட்டி வந்தால் அந்த 61 ஜிபி-யில் பெரும்பகுதி பேக்கப்புக்குள் வரவில்லை, அழித்தால் ஒழிந்துவிடும். எண்பது தொண்ணூறு என்று வந்தால் குப்பையும் சேர்ந்து வருகிறது, திருப்பி ஏற்றினால் அதுவும் திரும்பி வரும், அப்போது இந்த வழி வீண்.

லேப்டாப் விண்டோஸ். அதில் Apple Devices செயலியைப் போட்டுக் கேபிளில் இணைத்தேன். சி டிரைவில் 22 ஜிபி-தான் காலி, பேக்கப்பை வேறு டிரைவுக்கு மாற்ற அந்தச் செயலியில் வழி இல்லை. அதனால் பேக்கப் ஃபோல்டரை டி டிரைவுக்குத் திருப்பிவிட்டேன். முதலில் பழைய Backup ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, டி-யில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி, கமாண்ட் ப்ராம்ப்டில் இந்த ஒரு வரி:

```
mklink /J "%USERPROFILE%\Apple\MobileSync\Backup" "D:\PhoneBackup"
```

பேக்கப் எடுக்கும்போது என்கிரிப்ட் செய்யும் தேர்வைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை பாஸ்வேர்டுகள், ஹெல்த் தரவு எதுவும் பேக்கப்பில் வராது. அதற்குக் கொடுக்கும் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். அது மறந்துபோனால் அந்த பேக்கப்பைத் திறக்க யாராலும் முடியாது.

ஒன்றரை மணி நேரம் ஆனது. டி டிரைவில் அந்த ஃபோல்டரின் Properties-ஐத் திறந்தால் 35.6 ஜிபி. முதலில் குறைகிறதே என்று திக்கென்றது. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஐபோன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. போனின் 38 ஜிபி விண்டோஸில் சுமார் 35.4 என்றுதான் தெரியும். சரி, கணக்கு பொருந்திவிட்டது.

அழிப்பதற்கு முன் வேறு சில வேலைகளை முடித்தேன். வாட்ஸ்அப் உரையாடல்கள் இந்த பேக்கப்பிலேயே வரும் என்றாலும், இரண்டாவது பாதுகாப்பாக அதன் Chat Backup-ஐயும் ஓட்டினேன். எடிட் பண்ணிய புராஜெக்ட், துண்டுகள் எல்லாவற்றையும் தனியாக லேப்டாப்பில் வைத்தேன். ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் உள்ள கணக்குகளை இன்னொரு போனுக்கு மாற்றினேன், இது மிக முக்கியம், எல்லா ஆத்தென்டிகேட்டரும் பேக்கப்பில் திரும்புவதில்லை. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு சரியாக ஞாபகம் இருக்கிறதா என்று வேறொரு கருவியில் உள்நுழைந்து பார்த்தேன். அது தெரியாமல் அழித்தால் போனே பூட்டிக்கொள்ளும்.

பிறகு Settings > General > Transfer or Reset iPhone > Erase All Content and Settings. சில நிமிடத்தில் புதுப் போன்போல ஹலோ சொன்னது. கணினியோடு இணைத்து Restore from this backup கொடுத்தேன். தரவு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல், அதன்பின் செயலிகள் ஒவ்வொன்றாக வைஃபையில் இறங்க அன்று இரவு முழுக்க. இந்த நேரத்தில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது. நான் திறந்தேன், System Data 24 என்று காட்டியது, நெஞ்சு உடைந்துபோனது. அது ஏற்றும் வேலை நடக்கும்போது வரும் தற்காலிக எண். மறுநாள் காலை 13, மூன்றாம் நாள் 9. அங்கேயே நின்றது. மொத்தம் 71 போக 57 ஜிபி காலி.

யுபிஐ செயலிகள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்யச் சொல்லின, வங்கிச் செயலிகளும் அப்படியே. ஃபேஸ் ஐடியைப் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நாளில் இதைத் தொடங்காதீர்கள். சனிக்கிழமை காலை தொடங்கினால் ஞாயிறு மாலைக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஒருவேளை பேக்கப் சிறியதாக இருந்தும், ஏற்றி மூன்று நாள் ஆன பிறகும் System Data பெரிதாகவே நின்றால், பேக்கப்புக்குள் வரும் ஏதோ ஒன்றுதான் அதை மறுபடி உருவாக்குகிறது. அப்போது மறுபடி அழித்து, பேக்கப்பைத் தொடாமல் புதுப் போனாக அமைத்து, செயலிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பை அதன் சொந்த Chat Backup-இலிருந்து எடுக்கலாம். அது கஷ்டமான வழி, அது வரை போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

இப்போது எடிட் பண்ணும் விதத்தை மாற்றியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் கொடுப்பதற்கு முன் நிமிடத்தை 400 எம்பி-யால் பெருக்கி, அதைப்போல மூன்று மடங்கு இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். 12 நிமிட வீடியோவுக்கு 15 ஜிபி. அவ்வளவு இல்லை என்றால் 30 ஃபிரேமில் எக்ஸ்போர்ட் செய்கிறேன், அதற்கு நிமிடத்துக்கு 170 எம்பி-தான், வாட்ஸ்அப்பில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஒருமுறை தோற்றால் உடனே மறுபடி அழுத்துவதில்லை. System Data-வைப் பார்த்து எழுதிக்கொண்டு, போனை ரீஸ்டார்ட் செய்து, இடத்தை உண்டாக்கிய பிறகுதான் அடுத்த முயற்சி. அந்த எட்டுத் தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாமல் இருந்திருந்தால் 57 வரை போயிருக்கவே போயிருக்காது.

காதுகுத்து வீடியோ முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. எக்ஸ்போர்ட் முடிந்து கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது System Data 9.3. மறுநாள் காலை 9.